கிரிட்டிக்கல் பாத் புரியவில்லை: ஒரு சின்னக் கடைக் கட்டடத்தை வைத்து விளக்க முடியுமா?

#1 மாலைவகுப்பு

வணக்கம். வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலையில் மேலாண்மை டிப்ளமோ படிக்கிறேன். பாடத்தில் ஓரிடத்தில் தொடக்கம், திட்டமிடல், செயல்படுத்தல், கண்காணிப்பு, நிறைவு என்று திட்டத்தின் கட்டங்களை ஐந்தாகக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு ரொம்பத் தள்ளி கிரிட்டிக்கல் பாத் வருகிறது. அங்கே வெறும் எழுத்துகளும் வட்டங்களும் அம்புக்குறிகளும்தான். கணக்கைப் போட்டால் விடை வருகிறது, ஆனால் எதற்காகப் போடுகிறோம் என்று தெரியவில்லை. இந்த இரண்டு பாடத்துக்கும் என்ன தொடர்பு?

அப்பா வீட்டுக்கு முன்னால் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு கடை கட்டப் போகிறார். செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளம், முன்பக்கம் ஷட்டர். அதை உதாரணமாக வைத்து யாராவது சொன்னால் எனக்கு மனதில் நிற்கும். கிரிட்டிக்கல் பாத் என்றால் மிக முக்கியமான வேலைகளின் வரிசை என்று நினைக்கிறேன், சரியா?

#2 நிர்வாகவியல்

சரிதான். எந்த வேலைக்கு அதிகச் செலவும் ஆபத்தும் இருக்கிறதோ அதுதான் கிரிட்டிக்கல். உங்கள் கடையில் அஸ்திவாரமும் கான்கிரீட்டும். அவற்றுக்கு ஃப்ளோட் பூஜ்ஜியம், அதாவது ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. கட்டங்களைப் பொறுத்தவரை ஒன்றை முடித்த பிறகுதான் அடுத்தது. திட்டமிடல் முடிந்ததும் அந்தத் தாளை மூடிவிட்டுச் செயல்படுத்தலுக்குப் போகிறோம்.

#3 சைட்_இன்ஜினியர்

நிர்வாகவியல், ஃப்ளோட் பூஜ்ஜியம் என்றது சரி. ஆனால் காரணம் செலவு இல்லை, ஆபத்தும் இல்லை. கான்கிரீட் போட்டு முடித்த மறுநாளிலிருந்து முட்டுப் பிரிக்கும் வரை தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதைத் தவிர அங்கே வேலையே இல்லை. செலவும் கிட்டத்தட்ட இல்லை. ஆனாலும் அந்தக் காத்திருப்பு கிரிட்டிக்கல் பாதையில் உட்கார்ந்திருக்கிறது, பெரும்பாலும் அதிலேயே நீளமான துண்டாகவும் இருக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செய்ய முடியும் என்ற வேலைகளைக் கோத்தால் பல சங்கிலிகள் கிடைக்கும். அவற்றில் அதிக நாள் எடுப்பது எதுவோ அதுதான் கிரிட்டிக்கல் பாத். அதற்குக் குறைந்து கட்டடம் முடியாது.

மாலைவகுப்பு, மேஸ்திரியிடம் கேட்டு ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நாள் என்று எழுதுங்கள். நாளைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: இதைத் தொடங்க எது எது முடிந்திருக்க வேண்டும்? "வழக்கமாக எது முதலில் செய்வீர்கள்" என்று கேட்காதீர்கள். வழக்கம் வேறு, கட்டாயம் வேறு.

#4 மாலைவகுப்பு

கேட்டு வந்தேன் சார். கடைசியாகச் சொன்னது உண்மை. வெளிப்பூச்சை உள்பூச்சுக்குப் பிறகுதான் சொன்னார். "முன்னாடியே செய்ய முடியாதா" என்று கேட்டதும், "தளம் போட்டாச்சுன்னா வெளியே சாரம் கட்டிப் பூசலாமே, முட்டு உள்ளேதானே நிக்குது" என்றார்.

வானம் தோண்டுவது 2 நாள்
அஸ்திவாரமும் பேஸ்மென்ட்டும் 6 நாள், வானம் தோண்டிய பிறகு
சுவர் 8 நாள், பேஸ்மென்ட் முடிந்த பிறகு
சென்ட்ரிங், கம்பி கட்டுவது 4 நாள், சுவருக்குப் பிறகு
கான்கிரீட் 1 நாள்
தளம் இறுகக் காத்திருந்து முட்டுப் பிரிப்பது 10 நாள்
உள்பூச்சு 5 நாள், முட்டுப் பிரித்த பிறகு
தரைக்கு டைல்ஸ் 3 நாள், உள்பூச்சுக்குப் பிறகு
வெளிப்பூச்சு 4 நாள், கான்கிரீட்டுக்குப் பிறகு
ஷட்டர் செய்து வாங்குவது 15 நாள், சுவர் முடிந்து அளவெடுத்த பிறகு
ஷட்டர் மாட்டுவது 1 நாள், ஷட்டர் வந்திருக்க வேண்டும், உள்பூச்சும் முடிந்திருக்க வேண்டும்
பெயின்ட் 4 நாள், டைல்ஸ், ஷட்டர், வெளிப்பூச்சு மூன்றும் முடிந்த பிறகு

#5 சைட்_இன்ஜினியர்

நல்ல பட்டியல். இதை வைத்து எல்லாம் பார்த்துவிடலாம்.

முதலில் முன்னோக்கிப் போவோம். 16 என்று நான் எழுதினால் 16 நாள் வேலை முடிந்த நேரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள், அப்போது ஒரு நாள் குழப்பம் வராது. வானம் 2-இல் முடிகிறது, பேஸ்மென்ட் 8-இல், சுவர் 16-இல். சென்ட்ரிங் 20, கான்கிரீட் 21, முட்டுப் பிரிப்பது 31, உள்பூச்சு 36, டைல்ஸ் 39.

16-இல் இன்னொரு கிளை பிரிகிறது. ஷட்டருக்கு அளவு கொடுத்தால் 31-இல் கையில் வரும். ஆனால் உள்பூச்சு 36-இல்தான் முடிகிறது, ஆகவே மாட்டுவது 36-இலிருந்து 37 வரை. வெளிப்பூச்சு 21-இல் தொடங்கி 25-இல் முடிந்துவிடும். பெயின்டுக்கு மூன்றும் வேண்டும்: டைல்ஸ் 39, ஷட்டர் 37, வெளிப்பூச்சு 25. இருப்பதில் பெரியதைத்தான் எடுக்க வேண்டும். 39-இல் பெயின்ட் தொடங்கி 43-இல் முடிகிறது. கடை 43 நாள்.

இப்போது 43-இலிருந்து பின்னோக்கி வாருங்கள். பெயின்ட் 39-இல் தொடங்கியே ஆக வேண்டும். அப்படியானால் வெளிப்பூச்சு 39 வரை இழுத்தாலும் பாதகமில்லை. 25-இல் முடியக்கூடியது 39 வரை போகலாம், ஃப்ளோட் 14 நாள். ஷட்டர் மாட்டுவது 37-க்குப் பதில் 39-இல் முடியலாம், 2 நாள். அதற்கு ஷட்டர் 38-இல் வந்தால் போதும், 31-இல் வர வேண்டியது, 7 நாள். மற்ற எல்லாவற்றிலும் முன்னோக்கிக் கணக்கும் பின்னோக்கிக் கணக்கும் ஒரே எண்ணில் வந்து நிற்கும். வானம், பேஸ்மென்ட், சுவர், சென்ட்ரிங், கான்கிரீட், காத்திருப்பு, உள்பூச்சு, டைல்ஸ், பெயின்ட். அதுதான் உங்கள் கிரிட்டிக்கல் பாத்.

இனி உங்கள் முதல் கேள்வி. 38-இல் ஷட்டர் வேண்டும், செய்ய 15 நாள். ஆக 23-க்குள் ஆர்டர் போயிருக்க வேண்டும். அது கான்கிரீட் போட்டு இரண்டே நாள். உள்ளே முட்டுக்கட்டையாக நிற்கும்போது ஷட்டரைப் பற்றி யாரும் நினைக்க மாட்டார்கள். "முட்டுப் பிரிச்சதும் ஆர்டர் குடுக்கலாம்" என்று விட்டால் 31-இல் கொடுப்பீர்கள், 46-இல் வரும், 47-இல் மாட்டி 51-இல்தான் பெயின்ட் முடியும். எட்டு நாள் போச்சு. கிரிட்டிக்கல் பாதையும் ஷட்டர் வழியாக மாறிவிடும், டைல்ஸ் நிதானமாகப் போகலாம் என்றாகிவிடும். 23 என்ற தேதியை ஒரு செங்கல்கூட வைப்பதற்கு முன்னால் கண்டுபிடிப்பதுதான் திட்டமிடல் கட்டத்தில் இந்தக் கணக்கின் வேலை.

#6 சொந்தவீடு

ஐயா, இதெல்லாம் தாளில் நன்றாக இருக்கிறது. நான் வீடு கட்டினேன், தளம் போட்டதும் கொத்தனார் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வேறு சைட்டுக்குப் போய்விட்டார். எப்போது கூப்பிட்டாலும் "அடுத்த வாரம்" என்பார். பாதி முன்பணம் அவரிடம். இந்த மாதிரி ஆளிடம் எப்படி ஒப்பந்தம் எழுதுவது என்று முதலில் சொல்லுங்கள், படிக்கிற பிள்ளைக்கும் உபயோகமாக இருக்கும்.

#7 சைட்_இன்ஜினியர்

ஒப்பந்தத்துக்குத் தனி இழை போடுங்கள் ஐயா, அங்கே வந்து எழுதுகிறேன். ஆனால் நீங்கள் சொன்ன நிலைமை இந்தக் கணக்கில் விட்டுப்போன ஓர் இடத்தைக் காட்டுகிறது. எந்த வேலையை யார் செய்கிறார்கள் என்பது நாம் போட்ட நெட்வொர்க்குக்குத் தெரியாது. வெளிப்பூச்சும் உள்பூச்சும் ஒரே கொத்தனார் குழு என்று வைத்துக்கொள்வோம். 21-இல் தளம் போட்டு அவர்கள் வேறு சைட்டுக்குப் போய் 31-இல் திரும்புகிறார்கள். உள்பூச்சை முதலில் செய்தால் 36, பிறகு வெளிப்பூச்சு 40. டைல்ஸ்காரர் வேறு ஆள், அவர் 39-இல் முடித்துவிடுவார். ஆனாலும் பெயின்ட் 40-இல்தான் தொடங்கும், கடை 44 நாளாகிவிடும். திரும்பி வந்ததும் வெளிப்பூச்சை முதலில் எடுத்தால் இன்னும் மோசம்: உள்பூச்சு 40-இல் முடியும், டைல்ஸ் 43, கடை 47.

தாளில் 14 நாள் ஃப்ளோட் இருந்த வேலை அது! முட்டு நிற்கும் பத்து நாளில் முதல் நான்கு நாள் அவர்களை வெளிச்சுவரில் பிடித்து வைத்திருந்தால் எதுவும் தள்ளிப்போயிருக்காது. ஆட்களைப் பிடித்து வைப்பதுதான் கஷ்டம், அதை ஒத்துக்கொள்கிறேன்.

#8 நிர்வாகவியல்

செலவு பற்றிச் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். ஒரு பயனுள்ள விஷயம் சேர்க்கிறேன். ஷட்டர் வருவதற்கு 7 நாள், மாட்டுவதற்கு 2 நாள், மொத்தம் 9 நாள் அந்தக் கிளையில் தாமதத்தைத் தாங்கலாம். அதனால் ஷட்டர்காரரை அவசரப்படுத்த வேண்டியதில்லை.

#9 சைட்_இன்ஜினியர்

கூட்டக் கூடாது. அந்த 2 நாள் 7-க்குள்ளேயே இருக்கிறது. போட்டுப் பாருங்கள்: ஷட்டர் 7 நாள் தாமதமாக 38-இல் வருகிறது, அன்றே மாட்டத் தொடங்கினால் 39. மாட்டுபவருக்கு இனி ஒரு நாள்கூட மிச்சம் இல்லை. ஷட்டர் 5 நாள் தாமதமாக, 36-இல் வந்தால் மாட்டுபவருக்கு ஒரு பாதிப்பும் இல்லை, எப்படியும் பூச்சுக்காக அதுவரை காத்திருக்கத்தான் போகிறார். அந்த ஐந்து நாள் ஷட்டர் பட்டறையுடையது. மிச்ச இரண்டு நாள் இருவருக்கும் பொது, முதலில் யார் எடுக்கிறாரோ அவருக்குத்தான்.

தாமதம் எங்கே நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மழையால் சுவர் 8 நாளுக்குப் பதில் 11 நாள் ஆனால் கடை 46 நாள். ஆனால் ஷட்டரின் ஃப்ளோட் அதே 7 நாள்தான், ஏனென்றால் இரண்டு கிளையும் சேர்ந்தே மூன்று நாள் தள்ளிப்போகின்றன. மழை சென்ட்ரிங் நேரத்தில் வந்து மூன்று நாள் போனால் கடை அதே 46, ஷட்டரின் ஃப்ளோட் 10. இதனால்தான் திட்டமிட்ட தாளை மூடக் கூடாது என்கிறேன். கண்காணிப்பு என்று பாடத்தில் இருக்கும் கட்டம் செயல்படுத்தலுக்குப் பின்னால் வருவதில்லை, கூடவே ஓடுகிறது. வாரம் ஒரு முறை நடந்த நாட்களைப் போட்டு இந்தக் கணக்கைத் திரும்பச் செய்வதுதான் அது.

#10 விடைத்தாள்

நான் இந்தப் பாடம் எடுப்பவள். மாலைவகுப்பு, தேர்வில் கட்டங்களைப் பற்றிக் கேட்டால் இந்தக் கடையையே எழுதுங்கள். கட்டலாமா, வாடகைக்கு விட்டால் கட்டுபடியாகுமா என்று வீட்டில் பேசி முடிவெடுத்தது தொடக்கம். வரைபடமும் அனுமதியும் மதிப்பீடும் இந்த 43 நாள் கணக்கும் திட்டமிடல். நிறைவு என்பதைப் பலர் "கட்டடம் முடிந்தது" என்று ஒரு வரியில் விட்டுவிடுகிறார்கள். ஷட்டர் சிக்காமல் இறங்குகிறதா, மழைத் தண்ணீர் தளத்தில் தேங்குகிறதா என்று பார்த்து, குறைகளைச் சரிசெய்ய வைத்து, மேஸ்திரிக்குக் கடைசிப் பணத்தைக் கொடுத்துக் கணக்கை முடிப்பது வரை அதில் வரும்.

இந்த முறை எதற்காகப் பிறந்தது என்பதும் தெரிந்தால் நல்லது. 1957-இல் அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் உருவாக்கியது. வேலையைச் சீக்கிரம் முடிக்க எல்லாப் பிரிவுக்கும் ஓவர்டைம் கொடுத்துப் பணத்தைக் கொட்டாமல், எந்தச் சில வேலைகளுக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்று கண்டுபிடிக்கத்தான்.

#11 மாலைவகுப்பு

மேடம், சார், இது அப்படியே எங்கள் வீட்டுப் பிரச்சினை. பொங்கலுக்கு முன்னால் கடை திறக்க வேண்டும் என்று அப்பா சொல்கிறார். மேஸ்திரி வெளிப்பூச்சுக்கு இரண்டு கொத்தனார் கூடுதலாகப் போட்டு 2 நாளில் முடித்துத் தருகிறேன் என்கிறார். அதற்குத் தனிக் கூலி. இப்போது பார்த்தால் அதில் ஒரு நாள்கூடக் குறையாது, அப்படித்தானே? டைல்ஸை ஒரே நாளில் முடித்தால் 2 நாள் குறையும் என்று போட்டிருக்கிறேன்.

#12 சைட்_இன்ஜினியர்

இரண்டும் சரி. ஆனால் டைல்ஸ் ஒரு நாளானால் அது 37-இல் முடியும், ஷட்டர் மாட்டுவதும் 37-இல் முடியும். இரண்டும் கிரிட்டிக்கலாகிவிடும். அதற்கு மேல் டைல்ஸில் என்ன செய்தாலும் பயன் இல்லை. பதித்த அன்றே மேலே நடமாடினால் டைல்ஸ் அசைந்து ஓரம் தூக்கும், அதனால் நான் டைல்ஸைத் தொட மாட்டேன். சுவரில் ஆள் கூட்டினால் 8 நாள் 6 ஆகலாம், அது நேராக இரண்டு நாள் லாபம். அங்கேயும் எல்லை உண்டு. ஒரே நாளில் ஒன்றரை மீட்டருக்கு மேல் சுவரை ஏற்றினால் கீழ் வரிசைகளின் கலவை இறுகுவதற்குள் பாரம் ஏறி, சுவர் தூக்கு பிசகும். தூக்குக்குண்டு வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

#13 கொத்தனார்மகன்

எல்லாரும் எண்ணையே பேசுகிறீர்கள், அந்த 10 நாளை யாரும் கேட்கவில்லை. எங்கள் அப்பா 21 நாள் முட்டைத் தொட விட மாட்டார். தளம் தொங்கிப்போனால் தூக்கி நிறுத்த முடியாது. நடுவில் வயிறு மாதிரி இறங்கி அடியில் விரிசல் ஓடிய தளத்தை நான் பார்த்திருக்கிறேன். அவசரத்துக்கு அதைக் குறைக்கிற கணக்கு எதுவும் வேண்டாம்.

#14 சைட்_இன்ஜினியர்

தம்பி, அப்பாவின் எச்சரிக்கையை மதிக்கிறேன். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நூல் IS 456 : 2000-இல், முட்டுப் பிரிக்க நாலரை மீட்டர் வரை இடைவெளி உள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் என்றிருக்கிறது. இந்தக் கடையின் குறுகிய பக்கம் பத்து அடி, சுமார் 3 மீட்டர். ஆனால் அந்த 7 நாள் சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்டுக்கு, ஒழுங்காகத் தண்ணீர் காட்டினால், வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போகாவிட்டால். கடையில் இன்று கிடைக்கும் மூட்டை பெரும்பாலும் பிபிசி என்கிற போர்ட்லண்ட் பொசலானா கலப்பு சிமென்ட். அது மெதுவாகத்தான் பலம் ஏறும், அதற்குத் தண்ணீர் காட்டுவதே குறைந்தது 10 நாள் என்று அதே நூல் சொல்கிறது. அதனால் 10 என்று மேஸ்திரி சொன்னதை நான் விட்டுவிட்டேன். உள்ளே பீம் இருந்தால் அதன் முட்டுக்குக் கணக்கே வேறு, இங்கே பீம் இல்லை.

#15 கொத்தனார்மகன்

நூல் சொல்வது லேபில் போட்ட கான்கிரீட்டுக்கு. சைட்டில் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றிக் கலக்கிறார்கள், மூன்றாம் நாளே தண்ணீர் காட்டுவதை நிறுத்திவிடுகிறார்கள். யார் கலந்தது என்று தெரியாத தளத்துக்கு நான் 21 நாளே சொல்வேன்.

#16 சைட்_இன்ஜினியர்

அப்படிக் கலந்த தளமென்றால் உங்களோடு சண்டை போட மாட்டேன். 21 போட்டால் கடை 54 நாளாகும், ஷட்டருக்கு 18 நாள் ஃப்ளோட் வரும். எந்த எண்ணைப் போடுவது என்பதைக் கான்கிரீட் போடும் அன்று பக்கத்தில் நிற்கும் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். மாலைவகுப்பின் அப்பா ஒருவரை அழைத்துக்கொள்வது நல்லது.

#17 மாலைவகுப்பு

அழைத்திருக்கிறோம் சார், தளம் போடும் அன்று வருகிறார். இப்போதைக்கு 10-ஐ வைத்துக் காலண்டரில் போட்டுப் பார்த்தேன், ஒரு சந்தேகம். ஞாயிறு வேலை இல்லை. 43-ஐயும் வேலை நாளாக எண்ணினால், திங்கட்கிழமை தொடங்கி எட்டாம் வாரத்துத் திங்கள், அதாவது 50-ஆம் நாள் முடிகிறது. ஆனால் கான்கிரீட் ஞாயிறும் இறுகும் அல்லவா? நாலாம் வாரம் புதன் கான்கிரீட், பத்து நாள் எண்ணினால் ஐந்தாம் வாரம் சனி. திங்கள் உள்பூச்சு. ஏழாம் வாரம் சனிக்கிழமை, 48-ஆம் நாளே பெயின்ட் முடிந்துவிடுகிறது. எது சரி?

#18 சைட்_இன்ஜினியர்

48 சரி. ஆள் செய்யும் வேலைக்கு ஒரு காலண்டர், தானாக நடக்கும் காத்திருப்புக்கு இன்னொன்று. மைக்ரோசாஃப்ட் புராஜெக்டில் போடுவதானால் காத்திருப்பின் கால அளவில் `10d` என்று கொடுக்காமல் `10ed` என்று கொடுங்கள், ஞாயிறையும் சேர்த்து எண்ணும். ஷட்டர் பட்டறைக்காரர் சொன்ன 15 நாள் எந்த நாள் என்று கேட்டீர்களா?

#19 மாலைவகுப்பு

கேட்கவில்லை. நாளைக்குப் போய்க் கேட்டு எழுதுகிறேன்.